இருபது கிராம் பனிக்கட்டி

என் பகடிக்கு வகுப்பு சிரிக்காத நாள் பதுளையில் அபூர்வம். விஞ்ஞானம் நான் எவ்வளவு படிப்பித்தேன் என்பது வேறு கதை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய புதிதில், வெப்பக் கலவைக் கணக்குகளை ஒரே வரியில் அடக்கி மாணவரைக் கோரசாகச் சொல்ல வைத்திருந்தேன்: இழந்த வெப்பம் சமன் பெற்ற வெப்பம். அந்த வரிக்கு மேல் எனக்கும் அதிகம் தெரியாது.

அந்த வருடம் மேல் வகுப்புக்குப் போகும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருவருக்கோ, வசதி குறைந்த பட்டணத்துப் பிள்ளை ஒருவருக்கோ பள்ளி விடுதியில் ஓர் இலவச இடம் இருந்தது. அதற்கான பரீட்சைத் தாளைத் தயாரித்ததும் திருத்தியதும் நான். கடைசிக் கணக்கு இது: முப்பது பாகையில் நூறு கிராம் நீர், அதில் பூச்சியப் பாகையில் உள்ள இருபது கிராம் பனிக்கட்டி. பாத்திரத்தின் வெப்பத்தை விட்டுவிட்டால், முழுவதும் கரைந்தபின் வெப்பநிலை என்ன?

என் விடை இருபத்தைந்து பாகை. பின்னமில்லாத, சுத்தமான எண். அதைப் பார்த்து நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து பஸ்ஸில் வந்து படித்த ஒரு பெண்பிள்ளை பதினொன்றும் மூன்றில் இரண்டும் என்று எழுதியிருந்தாள். பின்னம் வந்தாலே பிழை என்பது என் சித்தாந்தம். பத்துப் புள்ளியையும் வெட்டினேன். மூன்று புள்ளி வித்தியாசத்தில் இடம் எங்கள் யாழ்ப்பாணத்துக்காரரான ஒரு குமாஸ்தாவின் மகனுக்குப் போனது. அவன் இருபத்தைந்து என்றே எழுதியிருந்தான். என்னிடம் பாடம் கேட்டவன் அல்லவா.

விடைத்தாளை வகுப்பில் பார்க்கக் கொடுத்துத் திரும்ப வாங்கிய அன்று அவள் எழுந்து நின்றாள்.

"சேர், ஐஸ் கரையிறதுக்கே சூடு வேணுங்களே? ஒரு கிராமுக்கு எம்பது கலோரின்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. அது போகத்தானே மிச்சச் சூட்டுல கரைஞ்ச தண்ணி சூடேறும்?"

"உங்கட தோட்டத்து ஐஸும் சங்கத்திலை சேர்ந்திட்டுதோ, பிள்ளை? வேலை தொடங்க முன்னமே கூலி கேக்குது!"

வகுப்பு அதிர்ந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சிரிப்பை வீடு வரை சுமந்துகொண்டு போனேன்.

எண்பது கலோரி மட்டும் காலில் குத்திய முள்ளாக நின்றது. பனிக்கட்டியை நான் கையால் தொட்டது மிகக் குறைவு. என் கணக்கில் அது கொஞ்சம் கெட்டியான குளிர்நீர், அவ்வளவுதான். சனிக்கிழமை கடைவீதிச் சர்பத் கடை நானாவிடம் போனேன். மரத்தூள் மூடிய சாக்கிலிருந்து ஒரு துண்டை உடைத்துத் தந்தார்.

"மாஸ்டருக்குக் காய்ச்சலா?"

"இல்லை நானா, மண்டைச் சூடு."

துண்டைக் கழுவி, ஒற்றுத்தாளில் ஈரம் துடைத்து, இருபது கிராம் நிறுத்து, செப்புப் பாத்திரத்தில் முப்பது பாகை நீரில் போட்டுக் கலக்கினேன். வெப்பமானியின் ரசம் இருபத்தைந்தில் நிற்கவில்லை. இருபதைக் கடந்தது. பதின்மூன்றுக்குச் சற்று மேலே போய்த்தான் நின்றது. செம்பும் அறைக்காற்றும் கொடுத்த சூட்டைக் கழித்தால் அவள் விடைதான். நூறு கிராம் நீர் இழந்ததில் ஆயிரத்தறுநூறு கலோரியைப் பனிக்கட்டி தன் வெப்பநிலையை ஒரு பாகைகூட உயர்த்தாமல் கரைவதற்கே விழுங்கியிருந்தது. அந்த மறைவெப்பத்தை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

திங்கள் காலை அதிபரிடம் சொன்னேன்.

"பட்டியலை ஒட்டியாச்சு, மாஸ்டர். மாத்த வேணுமெண்டால், உம்முடைய விடை பிழையெண்டு கையெழுத்து வைச்சு ஒரு கடிதம் தாரும். ஒட்டிவிடுறன், எல்லாரும் வாசிக்கட்டும்."

கடிதத்தை அழகாகவே எழுதினேன். விஞ்ஞான ஆசிரியருக்குப் பனிக்கட்டி கரைவது தெரியாது என்று அறிவித்தல் பலகையில் பட்டணமே வாசிக்கும் காட்சி கண்முன் வந்தது. ஊரையெல்லாம் பகடி பண்ணியவன் ஒரு பகடிக்குப் பயந்தேன். கையெழுத்திடும் இடம் வெறுமையாகவே கிடந்தது. அந்த வாரம் முடிந்தது.

அவளுடைய தகப்பன் அவளையும் கூட்டிக்கொண்டு பள்ளி விடுகைப் பத்திரம் வாங்க வந்தார். தினமும் பஸ்ஸில் அனுப்பி இனி மேல் வகுப்புப் படிக்கவைக்க முடியாதென்றார். தோட்டத்துத் துரையிடம் சொல்லிக் கொழுந்து பறிக்கப் பெரட்டில் அவள் பேரைப் பதிந்தாயிற்றாம்.

"சேர் போட்டது சரியாத்தாங்க இருக்கும். இவதான் ஒரு வாரமா அந்தக் கணக்கையே பேசிக்கிட்டிருக்கா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "கெட்டிக்காரப் பிள்ளை" என்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அந்தத் தாளை மட்டும் தாறீங்களா, சேர்?"

"விடைத்தாள் வெளியே குடுக்கிறதில்லை, பிள்ளை."

தகப்பன் கும்பிட்டார். அவள் கும்பிடவில்லை. பசறை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று இருவரும் வேகமாக நடந்தார்கள்.

அடுத்த வருடம் அதே கணக்கை மறைவெப்பத்தோடு சரியாகப் போட்டுக் காட்டினேன். பின்னம் எப்படி வந்தது என்று ஒரு பையன் கேட்டான். பகடி விடாமல், பனிக்கட்டி கரைவதற்கான எண்பது கலோரியிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினேன்.