பத்தொன்பது மாத்திரை

கோவிந்தப்பனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று யாராவது சொன்னால் ஓசூரில் அவர் வேலை செய்த தொழிற்சாலையே சிரிக்கும். ஆனால் அவர் பெரிய பொய்க்காரரும் இல்லை. இருபது வருஷமாக ஒரே ஒரு பொய்யை அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தவர், அவ்வளவுதான். அது, "எப்பவாவதுதாங்க" என்பது. குடியைப் பற்றி யார் கேட்டாலும் இந்தப் பதில் அவர் வாயில் தயாராக இருக்கும்.

கெலமங்கலத்துப் பக்கம் பிறந்தவர். 1997இல் வயது நாற்பத்தைந்து. வார்ப்படப் பட்டறையில் ஓவர்ஹெட் கிரேன் ஓட்டினார். கூரையோடு ஒட்டிய கூண்டில் உட்கார்ந்து, கீழே கைகாட்டுகிறவனின் விரலைப் பார்த்து, இரண்டு டன் இரும்பை ஓர் அங்குலம் பிசகாமல் இறக்குவார். அந்த வேலையில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. வேலைக்குப் போகும்முன் ஒரு சொட்டுகூடத் தொடமாட்டார். அதில் அவர் நல்லவர்தான், ஒத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வருஷம் கம்பெனி வைத்த ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் முந்நூற்று நான்கு என்று வந்தது. எண்ணெயைக் குறைத்து, கறியைக் குறைத்து, காலையில் நடந்து, மூன்று மாதம் கழித்துப் பார்த்தாலும் முந்நூற்றை விட்டு இறங்கவில்லை. அவருடைய அண்ணன் ராஜப்பன் நாற்பத்தாறு வயதில் மார்வலியில் போனவர். மூன்று நாள் நெஞ்சு பிசைந்தபோதும் கேஸ் என்று சொல்லிச் சோடா குடித்தார். நான்காம் நாள் வேப்பனப்பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வருகிற ஐப்பசியில் கோவிந்தப்பனுக்கும் நாற்பத்தாறு பிறக்கப்போகிறது. சாவு தேதி குறித்துவிட்டு வாசலில் நிற்பதாக அவர் நிஜமாகவே நம்பினார்.

ஓசூரில் டாக்டர் பங்கஜா என்று ஒருவர் இருந்தார். பெங்களூரிலிருந்து செவ்வாய், வெள்ளி வந்து பார்ப்பார். தமிழ் பேசுவார், அவசரம் என்றால் பாதியில் கன்னடம் புகுந்துகொள்ளும். சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"குடிக்கிற பழக்கம் உண்டா?"

"எப்பவாவதுதாங்க."

"உங்க ஈரலோட என்சைம் ரெண்டும் கொஞ்சம் மேல இருக்கு. எஸ்.ஜி.ஓ.டி. அம்பத்திரண்டு, எஸ்.ஜி.பி.டி. நாப்பத்தெட்டு. நாப்பதுக்குள்ள இருக்கணும். இதுக்காக மாத்திரை குடுக்காம இருக்க மாட்டேன். தெனமும் ராத்திரி ஊட்டா, சாப்பாடு, ஆனதும் ஒண்ணு. குடியக் குறைங்க. ஆறு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பாக்கணும், ஈரல் எப்படி இருக்குன்னு தெரியணும், ஆயித்தா?"

ஆயிற்று என்று தலையாட்டினார். கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை, ஆறு வாரத்துக்கு நாற்பத்திரண்டு எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவோடு விட்டிருந்தால் கதையே இல்லை. விட்டாரா? நேராக ஆஞ்சப்பனிடம் போனார்.

ஆஞ்சப்பன் ஃபிட்டர். இரும்பைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம், மற்ற எல்லாவற்றையும் பற்றித் தெரிந்தது ரொம்ப. கோவிந்தப்பனும் அவரும் ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய்க் கர்நாடகா பிராந்தி குடிக்கிற ஜோடி. ஆளுக்கு ஒரு குவார்ட்டர், ஒரு பொட்டலம் கடலை, திரும்பும்போது வாய்க்கு ஏலக்காய். மாத்திரை விஷயத்தைக் கேட்டதும் ஆஞ்சப்பன் கண்ணை மூடி யோசித்தார்.

"ஏம்ப்பா, ஊசி போட்ட அன்னிக்கே குடிக்கக் கூடாதும்பாங்க. இது தெனமும் உள்ள போற மருந்து. டாக்டரம்மாவே ஈரலுன்னு சொல்லிச்சுல்ல? ரெண்டும் ஒரே எடத்துல போய் மோதுச்சுன்னா ஈரல் வெந்து போயிரும்ப்பா."

"அப்போ?"

"மாத்திரை போட்ட அன்னிக்குக் குடிக்காத. குடிச்ச அன்னிக்கு மாத்திரை போடாத. தீந்துச்சு."

வேறு யாராவது இதைக் கேட்டால் குடியை விட்டிருப்பார்கள். ஷிப்டுக்காரர் மூளை அப்படி வேலை செய்யாது, அது அட்டவணை போடும். முதல் ஷிப்டு வாரத்தில் மதியம் இரண்டு மணிக்கு வேலை முடியும், சாயங்காலம் முழுக்கச் சும்மா. ஆகவே அது பிராந்தி வாரம். இரண்டாம் ஷிப்டு முடிய ராத்திரி பத்தாகும். மூன்றாம் ஷிப்டு பத்து மணிக்குத் தொடங்கும். ஆகவே அவை மாத்திரை வாரங்கள். ஞாயிற்றுக்கிழமை எந்த வாரமாக இருந்தாலும் பிராந்திக்கே. கோவிந்தப்பன் இதை ஒரு விரதம்போலக் கடைப்பிடித்தார். ஒரு நாள்கூட இரண்டும் சேரவில்லை. டாக்டர் கேட்டால் மெச்சிக்கொள்வார் என்றுகூட நினைத்தார்.

வீட்டில் மனைவி முனிலட்சுமிக்கு வேறு கணக்கு சொல்லியிருந்தார். ஞாயிறு மட்டும் கொஞ்சம் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். முதல் ஷிப்டு வாரச் சாயங்காலங்களுக்கு யூனியன் மீட்டிங் என்று பெயர் வைத்திருந்தார். புருஷன் தொழிலாளர்களுக்காக இப்படி ஓடாய்த் தேய்கிறாரே என்று அவள் அக்கம்பக்கத்தில் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்குப் பின் அவளே அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைக் கத்தரித்துக் கையில் கொடுப்பாள். விலக்கு நாளாக இருந்தால் அவர் அதைச் சட்டைப் பைக்குள் நழுவ விடுவார். தூக்கி எறிய மனம் வரவில்லை. மருந்தை எறிவது பாவம் என்று நினைக்கிற ஆள். பரண்மேல் இருந்த புதுப் பாதுகாப்பு ஷூவின் அட்டைப் பெட்டியில் போட்டு வைத்தார்.

ஆறு வாரம் முடிந்தது. ரத்தம் கொடுத்து, முடிவை வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போனார். முனிலட்சுமி நானும் வருவேன் என்று கூடவே கிளம்பினாள். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் என்ன என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

டாக்டர் சீட்டை இரண்டு முறை படித்தார்.

"என்ன இது? கொலஸ்ட்ரால் எறநூத்தி எழுபத்தொம்பது. இந்த மாத்திரைக்கு இன்னும் நல்லா எறங்கியிருக்கணும். சரி, டோஸ் ஏத்தலாம்னா ஈரல் என்சைம் ஏறியிருக்கு. எஸ்.ஜி.ஓ.டி. தொண்ணூத்தியாறு. பி.டி. அறுபத்தொண்ணு." பேனாவை மேசையில் தட்டினார். "மூணு மடங்கு, அதாவது நூத்தியிருபதத் தாண்டினா மாத்திரைய நிறுத்திருவேன். நீங்க அதுக்குக் கிட்டத்தட்ட வந்துட்டீங்க. மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கலயோ என்னவோ. நிறுத்திப் பாக்கணுமோன்னு தோணுது."

நிறுத்துவதா? கோவிந்தப்பன் நாற்காலி நுனிக்கு வந்தார். மாத்திரை போனால் ஐப்பசிக்கும் தனக்கும் நடுவில் வேறு எதுவும் இல்லை. வேப்பனப்பள்ளி பஸ்ஸும் அண்ணனின் சாய்ந்த தலையும் அவர் கண்ணுக்குள் வந்து நின்றன.

"டாக்டரம்மா, நிறுத்தாதீங்க" என்று முந்திக்கொண்டது முனிலட்சுமி. "மாத்திரைமேல தப்பில்ல. இவரு சரியாப் போடறதில்ல. யூனியன், மீட்டிங்குன்னு ஓடிட்டே இருக்காரா, நான் கையில குடுக்கறத அப்புறம் போடலாம்னு வெச்சுட்டு மறந்துடறாரு. பரண் தூசி தட்டறப்ப நேத்துத்தான் கெடச்சுது." மஞ்சள் பைக்குள்ளிருந்து ஷூ பெட்டியை எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள். ஒற்றை ஒற்றையாகக் கத்தரித்த மாத்திரைகள் பொலபொலவென்று விழுந்தன.

டாக்டர் ஒவ்வொன்றாக எண்ணினார். பத்தொன்பது.

"நாப்பத்திரண்டுல பத்தொம்பது போடல. யாக்ரீ, ஏன்? மறதியா?"

மறதி என்று சொல்லியிருக்கலாம். பெண்டாட்டியே அந்த வார்த்தையை எடுத்துக் கையில் கொடுத்திருந்தாள். முனிலட்சுமியின் நம்பிக்கை பிழைக்கும், யூனியன் பிழைக்கும், அத்திப்பள்ளி பிழைக்கும். ஆனால் ஈரலின் தொண்ணூற்றாறுக்கு அது பதில் ஆகாது, டாக்டர் மாத்திரையை நிறுத்திவிடுவார். கோவிந்தப்பன் கூண்டிலிருந்து இரும்பை இறக்குகிற அதே நிதானத்தோடு வாயைத் திறந்தார்.

"மறதி இல்லீங்க. குடிச்ச அன்னிக்கு மாத்திரை போடக் கூடாதுன்னு வெச்சிருந்தேன்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. முனிலட்சுமிக்குக் கணக்கு வந்தது.

"பத்தொம்பது நாளா?" என்றாள். விரலை மடக்கினாள். "ஆறு வாரத்துக்கு ஆறு ஞாயிறு. மிச்சம் பதிமூணு?"

"முதல் ஷிப்டு ரெண்டு வாரம். பன்னெண்டு நாள்."

"இன்னொண்ணு?"

"ஆஞ்சப்பன் புது வீட்டுக்குப் பால் காச்சினது."

"அப்ப யூனியனு?"

யூனியன் அவர் இல்லாமலே நன்றாக நடந்துகொண்டிருந்தது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. திருட்டை மறைக்கிற எந்த மடையனும் அதற்கு ரசீது போட்டு வைக்க மாட்டான். இவர் ஒரு நாள் விடாமல் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறார்.

"அளவு?" என்றார் டாக்டர், இப்போது சிரிக்காமல்.

"குவார்ட்டருங்க. ஒவ்வொரு நாளும் முழுக் குவார்ட்டர்."

டாக்டர் 'எப்பவாவது' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

"கேளுங்க. மாத்திரையும் பிராந்தியும் வயித்துல மோதி வெடிக்காது. அப்படி யாரும் சொல்லல. ஈரல் அடி வாங்கினா அதுக்குள்ள இருக்கிற என்சைம் ரத்தத்துல கசியும். அதத்தான் அளக்கறோம். குடிக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் ஓ.டி. மேல, பி.டி. கீழன்னு வரும். அதனால இது பிராந்தி வேலைன்னுதான் நெனைக்கறேன். நீங்க மருந்த நிறுத்திட்டு, ஈரலக் கெடுக்கறத விடாம வெச்சுக்கிட்டீங்க. நெஞ்சுக்கும் லாபமில்ல, ஈரலுக்கும் லாபமில்ல."

"அப்போ மாத்திரைய நிறுத்த மாட்டீங்களே?"

"மாட்டேன். அதே அளவு, தெனமும் ஒண்ணு. குடி இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். ஆறு வாரம் கழிச்சு ஈரல் எறங்குதான்னு பாக்கணும். குடிக்காத நாள்ல காலைல கை நடுங்குமா?"

"இல்லீங்க. மூணாம் ஷிப்டு வாரமெல்லாம் நல்லாத்தான் இருக்கேன்."

"சரி. ஒருவேளை தவறிக் குடிச்சுட்டீங்கன்னா, அன்னிக்கும் மாத்திரைய விடாதீங்க. காரணமில்லாம சதை வலிச்சாலோ, கண்ணு மஞ்சளானாலோ, மூத்திரம் கறுத்தாலோ ஒடனே வாங்க. முக்கியமா, என்கிட்ட நம்பரச் சொல்லுங்க. பொய்க்கு மருந்து எழுத எனக்குத் தெரியாது."

அதற்குப் பிறகு பத்து நாள் முனிலட்சுமி அவரோடு பேசவில்லை. ராத்திரி மாத்திரையைக் கொடுப்பாள், முழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கு வெளிச்சத்தில் நாக்கடி வரை பார்ப்பாள். முதல் ஷிப்டு சாயங்காலங்களில் போக இடம் இல்லாமல் கோவிந்தப்பன் நிஜமாகவே யூனியன் கூட்டத்துக்குப் போனார். அங்கே அவரைக் கம்பெனிக்காக வேவு பார்க்க வந்தவர் என்று சந்தேகப்பட்டார்கள்.

ஆறு வாரம் கழித்து வந்த சீட்டில் கொலஸ்ட்ரால் இருநூற்றுப் பதினெட்டு. எஸ்.ஜி.ஓ.டி. நாற்பத்தொன்று, மற்றது முப்பத்தெட்டு. டாக்டர் தலையசைத்துவிட்டுக் கேட்டார்.

"குடிச்சீங்களா?"

கோவிந்தப்பன் பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்க்காமல் சொன்னார். "ரெண்டு நாளுங்க. பாதிப் பாதி. அன்னிக்கும் மாத்திரை போட்டேன்."

முனிலட்சுமிக்கு அது தெரியாது. டாக்டர் எழுதிக்கொண்டு, இதையும் விடுங்கள் என்று சொல்லி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். பஸ் ஸ்டாண்டு வரை அவள் முன்னால் நடந்தாள். கெலமங்கலம் பஸ் வந்து நின்றதும் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு இடம் விட்டாள்.

"கோவமா?" என்றார், உட்கார்ந்தபடி.

"இல்லாம? இன்னும் பத்து நாள் பேச மாட்டேன்" என்றாள். பஸ் நகர்ந்தது. வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆனா சொல்லிருங்க. குடிச்சாலும் சொல்லுங்க, நெஞ்சு வலிச்சாலும் சொல்லுங்க. ஆளு இருந்தாத்தான நானும் கோவிச்சுக்க முடியும்."