0.1 என்றால் எவ்வளவு நேரம்

என் மனைவி ரிலே சோதனைப் பிரிவில் இன்ஜினியர். நான் லைன்மேன். வீட்டிலும் அவள்தான் மேலதிகாரி என்று கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

துணைமின் நிலைய ஊழியர்களுக்காக ரிலே எப்போது வேலை செய்யும் என்று சொல்லும் செட்டிங் தாளைத் தமிழில் எழுதியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். லைனில் கோளாறு வந்தால் ரிலே அதைக் கண்டுபிடித்து பிரேக்கரை ட்ரிப் செய்து கரண்டை நிறுத்தும். எதனால் ட்ரிப் ஆனது என்று புரியாமல் ஆபரேட்டர் மறுபடி கரண்டை விட்டு லைனை சார்ஜ் பண்ணினால், அந்த நேரம் அறுந்த கம்பி பக்கத்தில் நிற்கிறவன் நானாக இருக்கலாம். அவள் பிடிவாதத்துக்குக் காரணம் அதுதான். வாய்விட்டுச் சொல்லமாட்டாள்.

கண்ட்ரோல் ரூமில் தாளை மாட்டிய வாரமே வம்பு வந்தது. அளவுக்கு மீறி கரண்ட் போன ஓவர்கரண்டில் ஒரு லைன் ட்ரிப் ஆக ஒரு வினாடி எடுத்தது. தாளிலோ 'நேரம்: 0.1' என்று இருந்தது. ரிலே தூங்குகிறது என்று ஆபரேட்டர் புகார் எழுதிவிட்டார். சோதித்துப் பார்த்தால் ரிலேயில் ஒரு குறையும் இல்லை. தமிழ்த் தாளைக் கழற்றச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் வந்தது.

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை நேரே கண்ட்ரோல் ரூமுக்குப் போனாள். ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி நானும் ஒட்டிக்கொண்டேன்.

"தப்பு என்னோடதுண்ணே," என்றாள் ஆபரேட்டரிடம். "அது வினாடி இல்ல. எவ்வளவு கரண்ட் போகுதோ, அதுக்குன்னு ஒரு நேரம் இருக்கு. அதை 0.1 ஆல பெருக்கணும்."

"நான் எங்கம்மா அதைப் பெருக்கறது? தரையை வேணா பெருக்கறேன்."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பேனல் முன்னால் உட்கார்ந்து, அவர் மீட்டரில் பார்க்கிற ஆம்பியரிலேயே எழுதினாள். 320 தாண்டினால் ரிலே நேரத்தை எண்ண ஆரம்பிக்கும். 640 போனால் சுமார் ஒரு வினாடியில் ட்ரிப். 3200 போனால் சுமார் 0.3 வினாடி. எர்த் ஃபால்டுக்கு 80 ஆம்பியரே போதும். கரண்ட் தரைக்குப் போகிறது, கம்பி அறுந்திருக்கலாம், லைனைப் பார்த்து வரும்வரை சார்ஜ் செய்யக்கூடாது. அவர் தடுமாறாமல் வாசித்துக் காட்டினார். கொஞ்ச நாள் இருக்கட்டும், பார்க்கலாம் என்று மேலதிகாரியும் இறங்கி வந்தார்.

அடுத்த பெருமழையில் பட்டப்பகலில் எர்த் ஃபால்டில் லைன் போனது. உடனே சார்ஜ் பண்ணச் சொல்லி மேலிடத்திலிருந்து ஆபரேட்டரைப் போனில் பிடித்துத் திட்டினார்கள். மனிதர் அசையவில்லை.

"லைன் பாத்துட்டு வரட்டும் சார். தாள்ல அப்படித்தான் போட்டிருக்கு."

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், ஈரத் தரையில் கம்பி கிடந்தது. யாரையும் கிட்டே விடாமல் நிறுத்தி, லைனைத் தரையோடு இணைத்து எர்த் செய்த பிறகுதான் கம்பியைத் தொட்டோம்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன்.

"சரி, கை கழுவிட்டு வாங்க," என்றாள்.

சோறு வைத்தாள். போதும் என்றேன். காதில் வாங்காமல் இன்னும் வைத்தாள். நான் அதையும் சாப்பிட்டேன்.