இரண்டு பக்கத்தில் மூன்று கட்டடங்கள்

இஸ்ஸதீன் நானாவைத் தெரியாத அலுவலகம் வெள்ளவத்தையில் குறைவு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொல்லிவிட்டு, புறக்கோட்டையில் மனு தட்டச்சு செய்து கொடுக்கும் கடையில் உட்கார்ந்தவர். இன்று காலி வீதியில் சொந்தக் கடை. கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, மூன்று கணினி. பட்டம் பெற்றவர்கள் எழுதிக் குவிக்கும் அறிக்கைகளைச் சுருக்கிக் கொடுப்பதுதான் தொழில். யாரும் தூக்கிவிடாமல் தானாக எழும்பிய மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தால் என்ன? உழைத்தவனுக்கு அது பொருந்தும்.

பம்பலப்பிட்டி ஆய்வு நிறுவனமொன்றின் சாம்பவி கொண்டுவந்தது கொட்டாஞ்சேனையின் பழைய மாடிவீடுகளைப் பற்றிய அறிக்கை. ஏ, பீ, சீ என்று மூன்று புளொக். ஏ புளொக்கில்தான் இஸ்ஸதீனின் தங்கை ஜவாஹிறா, கல்யாணமான நாள் முதல் குடியிருக்கிறாள்.

அறிக்கையில் பந்தி என்றால் ஒவ்வொன்றும் சரக்கு ரயில் நீளம்.

“நானா, வீடமைப்புக் குழுவில ஒருத்தரும் இதை முழுக்க வாசிக்கமாட்டினம். ரெண்டு பக்கத்தில சுருக்கித் தாங்கோ. முடிச்சா எனக்கு அனுப்புங்கோ, நான் ஒருக்கா பார்த்துப்போட்டுக் குடுக்கிறன்.”

“பார்க்க என்ன ஈக்கி மகள்? நான் இந்த வேலை தொடங்கக்குள்ள நீங்க பொறக்கவுமில்ல.”

வேலை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேலே, எதற்காக இந்த அறிக்கை என்று இரண்டு வரி. அதன்கீழ் முக்கியக் கண்டறிதல்கள், ஒவ்வொன்றுக்கும் ஆதாரமான பக்க எண்ணோடு. பிறகு பரிந்துரைகள்: யார் செய்ய வேண்டும், எதை, எப்போதைக்குள். கண்டறிதல் தாங்காத பரிந்துரையை அவர் எழுதவே மாட்டார்.

ஆனால் பந்தியைப் பிழிய அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதல் வாக்கியத்தின் கீழ் பென்சில் கோடு. மிச்சத்தைக் கண் ஓடித் தாண்டிவிடும். மனு எழுத வருகிற சனம் எடுத்த எடுப்பிலேயே விஷயத்தைப் போட்டு உடைக்கும். அழுகையெல்லாம் பிறகுதான் வரும். அந்தப் பழக்கம் கையில் ஊறிவிட்டது.

நான்காம் அத்தியாயத்தில் ஒரு பந்தி, “தூண்கள் பாதுகாப்பற்றவை, மக்கள் வெளியேற்றப்பட வேண்டும்” என்று தொடங்கியது. கோடு போட்டார். ஜவாஹிறாவின் முகம் ஒரு கணம் வந்து நின்றது. ‘பாதுகாப்பில்லையெண்டா வீட்ட விட்டு எழும்பத்தானே வேணும்’ என்று தன்னைத் தேற்றிக்கொண்டு தட்டினார்: பரிந்துரை ஒன்று, மூன்று புளொக்குகளிலிருந்தும் மக்களை உடனடியாக வெளியேற்றுதல். பொறுப்பு, வீடமைப்புக் குழு.

சாம்பவிக்கு அனுப்பும்போதே குழுச் செயலாளர் நதீஷாவுக்கும் ஒரு பிரதி அனுப்பினார். தாமதம் அவருக்குப் பிடிக்காது.

மறுநாள் சாம்பவி கடைப் படியேறி வந்தபோது மூச்சு வாங்கியது.

“நானா, நாலாம் அத்தியாயத்துப் பந்தியை முடிவுவரைக்கும் வாசிச்சனீங்களோ?”

“ஏன் மகள்?”

அவள் அறிக்கையை விரித்து, பந்தியின் கடைசி வரிகளில் விரலை வைத்தாள். கொங்கிரீட்டைத் துளைத்துச் சோதித்தது பீ புளொக்கில் மட்டும். மற்ற இரண்டையும் சோதித்து முடிக்கும்வரை அங்குள்ளவர்களை அசைக்கக்கூடாது.

“நான்தான் அந்த வரிகளைப் பந்தியின்ர கடைசியில எழுதினனான். அது என்ர பிழையாகவும் இருக்கட்டும். ஆனா எனக்கு முதல் காட்டச் சொன்னனான்தானே?”

வெளியே கடல் பக்கம் வானம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. இஸ்ஸதீன் அங்கேயே உட்கார்ந்து திருத்தினார். கண்டறிதல்: பீ புளொக் தூண்கள் மட்டும்; பரிந்துரை: பீ உடனே, ஏயும் சீயும் முதலில் சோதனை. பக்க எண்ணையும் போட்டு அனுப்பிவிட்டு நதீஷாவை அழைத்துச் சிங்களத்தில் மன்றாடினார்.

அவள் மரியாதையாகவே பதில் சொன்னாள். குழு காலையிலேயே கூடி முடிவெடுத்துவிட்டது. முதலில் அனுப்பிய தாள் எல்லோருக்கும் நன்றாகப் பிடித்ததாம், இவ்வளவு தெளிவான சுருக்கம் வந்ததே இல்லையாம். இப்போது போய், சோதனை அது இது என்று இன்னொன்றைக் காட்டினால் குழப்பம்தான் வரும் என்கிறார்களாம். முழு அறிக்கையை யாராவது திறந்தார்களா என்று கேட்டார். அவள் சிரித்தாள்.

தொலைபேசியை வைத்த கையை எடுக்கவில்லை, அது மறுபடி அலறியது. ஜவாஹிறா.

“நானா, இங்க ஆக்கள் வந்து கதவுல செவப்பு நம்பர் அடிக்கிறாங்க. மூணு புளொக்கும் எழும்பணுமாம். பீக்குத்தானே வெடிப்பு, எங்கட செவரெல்லாம் நல்லாத்தானே ஈக்கிது? கேட்டா, ‘அறிக்கையில ஈக்கி’ எண்டுறாங்க. நீங்க பெரிய பெரிய அறிக்கையெல்லாம் பாக்கிற ஆளாச்சே நானா. இத யாரு எழுதினதெண்டு பாத்துச் சொல்லுங்களே?”

சாம்பவி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பக்கம் தங்கை “நானா? நானா?” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பின்னால், அடுத்த வீட்டுக் கதவை யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது.