கதவு கேட்டுப் போன கதை

பத்தாம் வகுப்பும் டைப்ரைட்டிங் ஹையரும்தான் என் படிப்பு. எழுத வந்துவிட்டேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். வாயால் சொல்லிப் பார்த்தேன், அது எப்படி முடிந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இனி எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். முதலாளியின் மகன் பம்பாய் போய்விட்டு வந்து, அலுவலகத்தில் இருந்த பலகைத் தடுப்புகளையெல்லாம் எடுத்துவிட்டார். எல்லோரும் ஒரே குடும்பம் மாதிரி இருக்க வேண்டுமாம். அவருடைய வீட்டில் அறைக்கு அறை கதவு உண்டு என்று கேள்வி.

என் இடது பக்கம் கணக்கர். வாய்விட்டுச் சொன்னால்தான் அவருக்குக் கூட்டல் வரும். "ஏழும் அஞ்சும் பன்னெண்டு, கைக்கு ஒண்ணு" என்று நாள் முழுக்க ஓதுவார். வலது பக்கம் விற்பனைக் குமாஸ்தா. அலுவலகத்தின் ஒரே டெலிபோன் அவர் மேஜையில். கோயம்புத்தூருக்கு டிரங்க் கால் கிடைத்துவிட்டால், டெலிபோனே தேவையில்லை என்கிற அளவுக்குக் கத்துவார்.

நடுவில் நான், பல பிரதிகள் எடுப்பதற்கான ஸ்டென்சில் தாளை அடித்துக்கொண்டிருப்பேன். ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் விலைப்பட்டியல், பக்கம் முழுக்க எண்கள். ஸ்டென்சிலில் ரிப்பன் கிடையாது. எழுத்து மெழுகுத்தாளை நேராக வெட்டும். தப்பாக வெட்டினால் ரப்பர் வைத்து அழிக்க முடியாது. சிவப்புத் திரவத்தைத் தடவி, காயும்வரை ஊதிவிட்டு, அதே இடத்தில் மறுபடி அடிக்க வேண்டும்.

வலது பக்கம் "நூத்தி எழுபத்தஞ்சு! ஒண்ணு, ஏழு, அஞ்சு!" என்று அலறினால், என் விரல் பஞ்சு உருளைக்கு நேரே 175 அடித்துவிடும். காதில் விழும் எண் கண்ணில் படும் எண்ணை முந்திக்கொள்ளும். நான் ஊதிக்கொண்டிருக்கும்போது கணக்கர் எட்டிப் பார்ப்பார். "என்னம்மா, காப்பி சூடா இருக்கா?" தினமும் இதே நகைச்சுவை. தினமும் அவரே சிரிப்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்கு ஒரு குடோன் இருந்தது. அதன் ஓரத்தில் குமாஸ்தாவுக்கு ஓர் அறை, கதவுடன். அங்கிருந்தவர் ஓய்வுபெறப் போவதாகத் தெரிந்தது. என் வீடும் அந்த ஊரில்தான். தினமும் பஸ்ஸில் வந்துபோவது மிச்சமாகும் என்பதைவிட எனக்கு அந்தக் கதவின்மேல்தான் ஆசை.

மேனேஜரிடம் கேட்க வேண்டும். அவர் மேஜையும் அதே ஹாலில்தான். பக்கத்துச் சீட்டுக்காரர்களைப் பற்றி, பக்கத்துச் சீட்டுக்காரர்கள் காது கேட்கச் சொல்ல எனக்குக் கூச்சம். இருவரும் டீக்கடைக்குப் போகும் நேரம் பார்த்துப் பல நாள் காத்திருந்தேன். அவர்கள் டீயைத் தருவித்தே குடித்தார்கள்.

ஒருநாள் துணிந்து மேனேஜர் மேஜைக்குப் போனேன். குனிந்து, மெதுவாக, முழுவதையும் சொன்னேன். அவர் தறிக்கூடத்தில் வெகுகாலம் இருந்து மேலே வந்தவர். தறிச் சத்தத்தில் காது பாதி போயிருந்தது.

"செத்த சத்தமாச் சொல்லும்மா."

சற்றே சத்தமாகச் சொன்னேன்.

"என்னது? பக்கத்துல இருக்கவங்க தொந்தரவு தாங்க முடியலையா? ஸ்ரீவில்லிபுத்தூர்ல கதவு போட்ட ரூம் வேணுமா?"

தறிக்கூடத்துக் குரல். வாட்ச்மேன்கூடத் திரும்பிப் பார்த்தார். அந்த ஹாலில் முதன்முறையாக அமைதி நிலவியது, சரியாக நான் என் இடத்துக்குத் திரும்பி நடக்கும் நேரத்துக்கு மட்டும்.

அன்று பிற்பகல் வேலையே ஓடவில்லை. முதலில் கணக்கர் வந்தார். "என்னைச் சொல்லலையேம்மா? நான் வாயத் தொறக்கதே இல்ல. எல்லாம் அந்தப் பக்கத்து ஆளுதான்." ஸ்டென்சிலில் ஒரு தப்பு. ஊதினேன். பிறகு வலது பக்கத்தவர். "அக்கா, அவரு எண்ணுதது எனக்கே தலைவலி. நீங்க எம்புட்டுப் பொறுமைசாலி!" இன்னொரு தப்பு. தொந்தரவு செய்வதில்லை என்று சொல்ல இருவரும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் அந்தத் தாளையே கிழித்துப்போட்டேன்.

சாயங்காலம் விற்பனைக் குமாஸ்தா எழுந்து நேரே மேனேஜரிடம் போனார். அவருக்குத்தான் குரல் உண்டே. முதல் தடவையிலேயே மேனேஜருக்குக் கேட்டுவிட்டது. ராஜபாளையத்துக்காரரான அந்தக் குமாஸ்தா திரும்பி வந்து என்னிடம் சொன்னார்:

"உங்களுக்குத் தொந்தரவு கொடுக்க மனசு வரலக்கா. அதான் அந்த ரூமுக்கு நானே போறேன்னுட்டேன். சந்தோசமா?"

"சந்தோசம்" என்றேன். அது யாருக்கும் கேட்கவில்லை.

"பாத்தியாம்மா, தங்கமான பையன்" என்றார் கணக்கர்.

மறுநாள் காலை டெலிபோனை என் மேஜைக்கு மாற்றினார்கள்.