அழிக்க மாட்டேன் என்று சொன்ன கோப்புகள்

அந்த அலுவலகத்தில் என்னைத் திருடி என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பார்த்தார்கள், அவ்வளவுதான். நான் காபி எடுக்கப் போனால் பேச்சு நிற்கும். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி தொடங்கும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்த நிறுவனம் லாரிகளின் போக்குவரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தது. குத்தம்பாக்கம், சென்னீர்குப்பம் பக்கத்துக் கிடங்குகளிலிருந்து எந்த லாரி எப்போது கிளம்பியது, எங்கே நிற்கிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தகவல் வந்து டேட்டா லேக் என்கிற எங்கள் பொதுச் சேமிப்பிடத்தில் விழும். அதைப் பராமரிப்பது என் வேலை. நான் ஒப்பந்த ஊழியை. ஒப்பந்தம் முடிந்ததும் நிரந்தரமாக்குகிறேன் என்று மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். எனக்கு வீடு பக்கத்திலேயே, அண்ணனூரில். அதற்கு முன் வருடக்கணக்காக நகரத்தின் மறுகோடிக்கு ரயில் மாறி, பஸ் மாறிப் போய் முதுகு விட்டுப்போயிருந்தது. இந்த வேலை எனக்கு வேண்டும். கௌரவம் பார்க்காமல் சொல்கிறேன், ரொம்பவே வேண்டும்.

நான் சேர்ந்தபோது காலை அறிக்கை திறப்பதற்குள் ஒரு சாப்பாடே சாப்பிட்டு வந்துவிடலாம். காரணம் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. ஒவ்வொரு ஐந்து நிமிடமும் கிடங்குக்கு ஒன்றாகக் குட்டிக்குட்டிக் கோப்புகள் விழுந்து, ஒரு வருடத்துக்கு மேல் மலையாகக் குவிந்திருந்தன. மூட்டை அரிசியைக் கைப்பிடிக் கைப்பிடியாகப் பொட்டலம் கட்டி வைத்தால், சமைப்பதைவிட முடிச்சு அவிழ்க்கத்தானே நேரம் போகும்? இங்கேயும் கணினி படிப்பதைவிடத் திறப்பதில்தான் தவித்தது. நான் எல்லாச் சிறு கோப்புகளையும் நாள்வாரியாகச் சேர்த்துப் பெரிய கோப்புகளாகத் திரும்ப எழுதினேன். இதற்கு கம்பாக்‌ஷன் என்று பெயர். மறுநாள் காலை அறிக்கை கண் சிமிட்டுவதற்குள் திறந்தது. மேலாளர் ஸ்வீட் பாக்ஸ் வரவழைத்தார்.

அந்த இனிப்பு நாக்கில் இருக்கும்போதே கோப்புகளைச் சேமிப்பதற்கான அன்றாடக் கட்டணக் கணக்கு வந்தது. குறையும் என்று எல்லோரும் எதிர்பார்த்த இடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது.

இதுவும் இயல்புதான். சேர்த்து எழுதும்போது பழைய சிறு கோப்புகள் உடனே அழிந்துவிடாது. இனிமேல் புதியதைப் படி, பழையதைப் பார்க்காதே என்று, எந்தக் கோப்புகள் நடப்பில் இருக்கின்றன எனக் குறித்துவைக்கும் அட்டவணைப் பதிவு மாறும், அவ்வளவுதான். பழையவை ஒரு வாரம் அப்படியே கிடக்கும். தப்பு நடந்தால் திரும்பிப் போக அதுதான் வழி. பிறகு துப்புரவுக் கட்டளை ஓட்டினால் போய்விடும். இதை நான் முன்பே மின்னஞ்சலில் எழுதியிருந்தேன். மூன்று பத்திக்கு மேல் இருந்தால் யார் படிக்கிறார்கள்?

மேலாளருக்கு அருகில் எப்போதும் என் சக ஊழியன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். சென்னீர்குப்பத்துக்காரன், நிரந்தர ஊழியன், வாயால் வடை சுடுகிறவன். டேட்டா இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது என்றால் யாரோ பிரதி எடுத்திருக்கிறார்கள் என்று அவன்தான் கொளுத்திப்போட்டான். ஒப்பந்தம் முடிகிற நேரம், வாடிக்கையாளர்களின் லாரி விவரம், போட்டி நிறுவனம் என்று கதை தானாக வளர்ந்தது. நானும் சும்மா இருக்கவில்லை, என் இடத்துக்கு அவன் மச்சினன் எவனையாவது கொண்டுவரப் பார்க்கிறானோ என்று சந்தேகப்பட்டேன். இன்றுவரை அதற்கு ஆதாரம் இல்லை.

மேலாளர் கூப்பிட்டு, பிரதி இல்லை என்றால் பழைய கோப்புகளை இப்போதே அழித்துக் காட்டு என்றார். பழைய நிலையையும் புதிய நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரிசைகளின் எண்ணிக்கையும் சரக்கு எடையின் கூட்டலும் ஒன்றே என்று காட்டினேன். தலையாட்டிவிட்டு, "சரிம்மா, அழிச்சிடேன்" என்றார்.

அழிக்க மாட்டேன் என்றேன். ஒரு வாரம் போகட்டும் என்றேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை லோடு, அதாவது புதுத் தகவலை ஏற்றும் நிரல், ஓடுகிறது. அது முதலில் கோப்பை எழுதும், கடைசியில்தான் பதிவில் சேர்க்கும். இடைப்பட்ட நேரத்தில் உடனடித் துப்புரவு ஓட்டினால், பதிவில் இல்லாத கோப்பெல்லாம் குப்பை என்று நினைத்து, அப்போதுதான் பிறந்த கோப்பையும் சேர்த்து வாரிவிடும். அதற்காகத்தான் அந்த மென்பொருளே ஒரு வாரம் ஆகாத கோப்புகளை அழிக்கச் சொன்னால் முடியாது என்று மறுக்கிறது. அந்தப் பாதுகாப்பை அணைத்துவிட்டுத்தான் ஓட்ட முடியும்.

"இன்னாக்கா, அழின்னா அழிச்சிட்டுப் போறது. எதுக்கு வச்சிக்கினு கீற?" என்றான் அவன், மேலாளர் காதில் விழும்படி. நான் மறுக்க மறுக்க, என்னிடம் ஏதோ இருக்கிறது என்ற எண்ணம்தான் அவர்களுக்கு உறுதியானது. அன்று காலையே என் லேப்டாப்பைச் செக்யூரிட்டி பிரிவு சோதனைக்கு வாங்கிக்கொண்டு போனது. கணினியில் நுழைய எனக்கிருந்த அனுமதியையும் முடக்கினார்கள். வெறும் மேஜைக்கு முன்னால் நான் உட்கார்ந்திருக்க, போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். மானம் போனதைப்போல் இருந்தது.

மதியச் சாப்பாடு முடிவதற்குள் அறிக்கைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கோப்பு காணவில்லை, கோப்பு காணவில்லை என்று திரையெல்லாம் சிவப்பு. கிடங்குகளிலிருந்து போன் மேல் போன். மேலாளர் வேகமாக என் மேஜைக்கு வந்தார், நான்தான் செய்தேன் என்ற நிச்சயத்தோடு. வெறும் மேஜையைப் பார்த்து நின்றுவிட்டார். அவன் எழுந்து வந்து, பாதுகாப்பை அணைத்துத் துப்புரவு ஓட்டியது தான்தான் என்று மெல்லிய குரலில் சொன்னான். அவனுக்கு முகம் வெளுத்திருந்தது. எனக்குக் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை.

லேப்டாப்பையும் அனுமதியையும் திருப்பிக் கொடுத்தார்கள். லோடுகளை நிறுத்தினேன். காணாமல்போன கோப்புகளின் குறிப்பை அட்டவணைப் பதிவிலிருந்து நீக்கினேன். லாரிகள் அனுப்பிய மூலச் செய்திகள் வேறு இடத்தில் சில நாள் தங்கும் என்பதால், அந்தச் சில நிமிடங்களின் தகவலை அங்கிருந்து மறுபடி ஏற்றினேன். சாயங்காலத்துக்குள் எல்லாம் சரியானது. பழைய சிறு கோப்புகளும் போய்விட்டதால் சேமிப்பு அளவும் இறங்கியிருந்தது. பிரதி எதுவும் இல்லை என்பது இனி குழந்தைக்கும் தெரியும்.

மறுநாள் மேலாளர் என்னை அறைக்கு அழைத்தார். நிரந்தர நியமனக் கடிதம் மேஜைமேல் இருந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று நான் காத்திருந்தேன், முட்டாள்தனமாக. அவர் பேனாவைச் சுழற்றிக்கொண்டே கேட்டார், "நீ சொன்ன மாதிரியேதான் நடந்துச்சு. அதெப்படிம்மா அவ்ளோ கரெக்டா சொன்ன?"

"தெரிஞ்சதாலதான் சார் வேணாம்னு சொன்னேன்."

"இல்ல... அவன் ஓட்டுவான்னும் தெரிஞ்சிருந்துச்சோன்னு."

அவர் சிரிக்கவில்லை. இனி நான் கணினியில் எந்த நிரலை ஓட்டினாலும் முன்னாடி அவன் ஒருமுறை பார்த்துச் சரி சொல்லட்டும், பாதுகாப்புக்காகத்தான், தப்பா எடுத்துக்காதே என்று கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

அந்தக் கடிதத்தில் என் பெயர் சரியாக இருந்தது, சம்பளமும் சொன்னபடி இருந்தது. நான் அதை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன். ஏன் என்று கேட்டார். தப்பாக எடுத்துக்கொண்டேன் சார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அழுகையை மட்டும் லிஃப்ட் கதவு மூடும்வரை அடக்கிக்கொண்டேன்.