பால் காய்ச்சாத கடை

வாழைச்சேனைப் பிரதான வீதியில், துறைமுகத்துக்குத் திரும்பும் சந்திக்குக் கொஞ்சம் முன்னால், நீல ஷட்டர் போட்ட கடையொன்று பதினான்கு மாதமாக ஒரு சதம் வாடகையும் தராமல் கிடந்தது. அது கேதீஸ்வரியின் கடை. புருஷன் இறந்த பிறகு, குவைத்தில் பதினொரு வருடம் அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் நின்று உழைத்துக் கட்டியது. வெளிநாடு போய்வந்த மற்றப் பெண்கள் கழுத்து நிறைய நகையோடு வந்து இறங்க, இவள் சீமெந்துக் கணக்கோடு வந்து இறங்கினாள் என்று ஊரில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நாற்பத்தேழு வயதில் தன் பெயருக்கு ஒரு கட்டடத்தை எழுப்பி நிறுத்தினாள்.

அந்தக் கட்டடம்தான் இப்போது அவளைத் திரும்பக் குவைத்துக்கு அனுப்பப் பார்த்தது. மார்கழியில் ஏஜென்சிக்காரர் பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு போயிருந்தார். பழைய வீட்டு எஜமானி, அந்த மடமே, சமையலுக்கு அவளையே கேட்கிறாளாம். கடைக்கு ஒழுங்கான ஆள் வராவிட்டால் போகத்தான் வேண்டும். மகள் யசோதினி வந்தாறுமூலைக் கம்பஸில், பல்கலைக்கழக முதலாம் வருடம். அவளுடைய பள்ளிக்கூடக் காலம் முழுவதையும் தொலைபேசியில் பார்த்துத் தீர்த்தாயிற்று. மிச்சத்தையும் அப்படியே பார்க்க கேதீஸ்வரிக்கு மனமில்லை.

வாடகை வராமல் போனதற்குக் காரணம் ஒரு குவளைப் பால். முதலில் வந்த துணிக்கடைக்காரர் தட்டு அடிக்க வேண்டும், கண்ணாடி போட வேண்டும் என்று சொல்லி, வேலை முடியும் வரைக்கும் வாடகை கேட்கக்கூடாது என்றார். நியாயமாகத்தான் பட்டது. கேதீஸ்வரியின் தம்பி ஜெயரூபன், ஊர் வழக்கப்படி முத்திரைத் தாளொன்றை வாங்கி, தன் அழகான கையெழுத்தில் எழுதினான்: "கடையில் பால் காய்ச்சும் நாளிலிருந்து வாடகை ஆரம்பமாகும்." எழுதிவிட்டு எல்லோரும் தேத்தண்ணி குடித்தார்கள்.

அந்தப் பால் காய்ச்சப்படவே இல்லை. முதலில் மார்கழி, நல்ல காரியம் செய்யக்கூடாது. பிறகு அவருடைய மனைவிக்கு நாள் சரியில்லை. அப்புறம் சாத்திரியார் பார்த்துக் கொடுத்த நாளில் யாரோ செத்துப்போய்த் துடக்கு. நல்லநாள் பார்க்கிற மனிசனை நெருக்கினால் அந்தப் பாவம் யாருக்கு? கேதீஸ்வரி பேசாமல் இருந்தாள். ஆனால் ஷட்டர் பாதி திறந்து கிடக்க, உள்ளே சாரமும் சட்டைத்துணியும் விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். அவள் தினமும் எதிர்ப்பக்கம் நின்று, யார் பையோடு வெளியே வருகிறார்கள் என்று உளவு பார்த்தாள். ஏழாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவர் தட்டுகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். நல்லநாள் பார்த்துத்தான் போயிருப்பார். அதற்குப் பிறகு ஒழுங்கான ஆள் வரவில்லை, ஷட்டர் பூட்டியே கிடந்தது.

அதனால் தை மாதம் பல் வைத்தியர் ஸுஹைனா ஓட்டமாவடியிலிருந்து கடை பார்க்க வந்தபோது, ஜெயரூபன் வாய் திறக்குமுன்னே கேதீஸ்வரி சொல்லிவிட்டாள்.

"நீ பேசாம இரு. போனமுறை நீ எழுதினது போதும்."

ஸுஹைனா கடையைச் சுற்றிப் பார்த்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தரையைக் காலால் தட்டினார். நாற்காலி வைக்கும் இடத்துக்குத் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் தரைக்குக் கீழால் வர வேண்டும், தரையை வெட்ட வேண்டும், தடுப்புச் சுவர் வேண்டும், மூன்று பேஸ் மின்சாரம் வேண்டும் என்று அடுக்கினார்.

"அக்கா, இதுக்குள்ள எனக்கு நிறையச் செலவு இரிக்கி. நீங்க அறுபதாயிரம் கேக்கிறீங்க. அம்பதுக்குத் தாங்க. அஞ்சு வருஷத்துக்கு எடுக்கிறன்."

பதினான்கு மாதமாக ஒரு சதமும் தராத கடை. ஜெயரூபன் பின்னால் நின்று தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினான். கேதீஸ்வரி அவனைப் பார்க்கவில்லை. மாதம் பத்தாயிரம் என்றால் அறுபது மாதத்துக்கு ஆறு இலட்சம். அது மட்டுமா? பிறகு கூட்டுவதும் ஐம்பதின் மேல்தான் கூடும், அடுத்து வருகிறவனும் ஐம்பதிலிருந்துதான் பேரம் பேசுவான்.

"டொக்டர், உங்களுக்குக் கஷ்டம் அஞ்சு வருஷமா, இல்லாட்டி தொடக்கத்தில நாலைஞ்சு மாசமா?"

ஸுஹைனா யோசித்தார். "தொடக்கத்திலதான். வேலை முடியுமட்டும் ஒரு நோயாளியும் வரமாட்டாங்க. அதுக்குள்ள நோன்பும் வருது. மேசன்மார் அரைநாள்தான் வேலை செய்வாங்க."

"அப்ப வாடகை அறுபதுதான். ஆனா முதல் நாலு மாசம் எனக்கு ஒரு சதமும் வேணாம். நீங்க வேலையைச் செய்யுங்க."

ஜெயரூபனுக்கு இருமல் வந்துவிட்டது. ஸுஹைனா முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன்னே கேதீஸ்வரி, "நொத்தாரிசு மிஸ்ஸிட்ட போய் மிச்சத்தைப் பேசுவம்," என்றாள்.

கோர்ட்டடியில் இருந்து பத்திரம் எழுதும் நொத்தாரிசு பிரஷாந்தி, பழைய முத்திரைத் தாளை வாங்கி வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு மாசத்துக்கு மேலான குத்தகை எண்டா நொத்தாரிசு முன்னால, ரெண்டு சாட்சியோட எழுத வேணும். இதை வச்சு ஒண்டும் செய்ய ஏலாது. செல்லுபடியாயிருந்தாலும் என்ன? பால் காய்ச்சினாத்தானே வாடகை!"

ஜெயரூபன் ஜன்னலுக்கு வெளியே எதையோ மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தமுறை திகதி போடுங்க மிஸ்," என்றாள் கேதீஸ்வரி. "பெப்ரவரி முதலாம் திகதி கடைப் பூட்டுத் திறப்பைக் கையில குடுக்கிறன். யூன் முதலாம் திகதி வாடகை. வேலை முடிஞ்சாலும் வாடகை, முடியாட்டியும் வாடகை."

"ரெண்டு மாசத்தில வேலை முடிச்சு நான் திறந்திட்டா?" என்று ஸுஹைனா கேட்டார்.

"அது உங்கட கெட்டித்தனம். யூனுக்கு முதல் நான் கேக்கமாட்டன். எனக்கு இனி எதிர்ப்பக்கம் நிண்டு உளவு பாக்க ஏலாது."

பிறகுதான் உண்மையான இழுபறி. நாலு மாதம் சும்மா கொடுக்கிறேன், ஆனால் எனக்கு அறுபது மாத வாடகை முழுசாக வர வேண்டும் என்றாள் கேதீஸ்வரி. அப்படியானால் குத்தகைக் காலம் அறுபத்துநாலு மாதம், இரண்டாயிரத்து முப்பத்தொன்று மே கடைசி வரைக்கும் என்று பிரஷாந்தி எழுதினார். ஸுஹைனா ஒத்துக்கொண்டார், செலவு செய்த இடத்தில் நாலு மாதம் கூடுதலாக இருப்பது அவருக்கும் நல்லதுதான். இரண்டு வருடத்துக்கொருமுறை பத்து வீதம் கூட்டுவது, திறப்புக் கொடுத்த நாளிலிருந்தா, வாடகை தொடங்கும் நாளிலிருந்தா? வாடகை தொடங்கும் நாளிலிருந்து என்று ஸுஹைனா பிடித்தார். கேதீஸ்வரி விட்டுக்கொடுத்தாள். முற்பணத்தைக் கையெழுத்து வைக்கும் நாளே தருவது, கரண்ட் தண்ணி பில் திறப்பு வாங்கிய நாளிலிருந்தே ஸுஹைனா கட்டுவது, தரை வெட்டுமுன் படத்தைக் காட்டுவது. எல்லாம் எழுதப்பட்டது.

அடுத்ததைக் கேதீஸ்வரி சொன்னபோதுதான் ஸுஹைனாவுக்கு முகம் மாறியது. மூன்று வருடத்துக்குள் அவராக விட்டுப் போனால், அந்த நாலு மாத வாடகையையும் கட்டிவிட்டுப் போக வேண்டும்.

"என்னை ஓடிப்போறவள் எண்டு நினைக்கிறீங்களா, அக்கா?"

கேதீஸ்வரி குரலைத் தாழ்த்தவில்லை.

"உங்களை இல்லகா. ஆனா நான் முழுவதையும் முன்னுக்கே தாறன். நீங்க ஒரு வருஷத்தில போனா, நான் தந்தது என்னத்துக்கு? இருக்கிறவங்களுக்கு இது ஒரு சுமையும் இல்ல."

ஸுஹைனா பேனையை உருட்டினார். "அப்ப ஒவ்வொரு வருஷம் நான் இருந்து முடிக்கவும் மூண்டில ஒரு பங்கு குறையவேணும்."

"அது நியாயம். எழுதுங்க மிஸ்."

இப்படிக் கல்லாக நின்றவள்தான் தானே ஒரு தவறு செய்தாள். மூன்று பேஸ் மின்சாரத்தைத் திறப்போடு சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருந்தாள். ஆனால் அந்தக் காணியில் முன்பு நின்ற பழைய வீட்டுக்கு எடுத்த மின் கணக்கு இன்னும் இறந்துபோன புருஷன் பெயரிலேயே இருந்ததை அவள் கவனிக்கவே இல்லை. பெயர் மாற்றி, மரணச் சான்றிதழ் காட்டி, மீற்றர் பூட்டி முடிய பெப்ரவரி பத்தொன்பது. அதற்குள் நோன்பும் தொடங்கிவிட்டது. ஸுஹைனா ஒன்றும் கேட்கவில்லை. நாள் தள்ளிப்போனால் என்ன செய்வதென்று உறுதிப் பத்திரத்தில் ஒரு வரியும் இல்லை. ஜெயரூபன், "உனக்கு நல்லகாலம், வாயை மூடிக்கொண்டு இரு," என்றான்.

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். துணிக்கடைக்காரர் தனக்குச் செய்ததை, தான் இன்னொருத்திக்குச் செய்கிறேனோ என்று வந்த எண்ணம் போகவே மறுத்தது. மூன்றாம் நாள் ஸுஹைனாவையும் கூட்டிக்கொண்டு பிரஷாந்தியிடம் போனாள்.

"பதினெட்டு நாள் என்ட பிழையால போச்சு, மிஸ். வாடகை யூன் பத்தொன்பதில இருந்து. கடைசி நாளும் பதினெட்டு நாள் தள்ளிப்போகட்டும். திருத்தம் எழுதுங்க, செலவு நான்தான்."

ஸுஹைனா திருத்தத்தை வாசித்துக் கையெழுத்து வைத்தார்.

யூன் பத்தொன்பது வந்தது. கடை திறக்கவில்லை. தடுப்புச் சுவர் நின்றது, குழாய்கள் தரைக்குள் போய்விட்டன, ஆனால் நோயாளி படுக்கும் நாற்காலி கொழும்பிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. ஏஜென்சிக்காரர் அன்றைக்கு முதல்நாள்தான் தொலைபேசியில் கோல் எடுத்திருந்தார். இருபத்தைந்தாம் திகதிக்குள் சொல்லாவிட்டால் மடம் வேறு ஆள் பார்ப்பாளாம்.

"பாரன், இன்னும் ஒரு மாசம் தாங்க எண்டு வந்து நிப்பா. மறுகா இன்னும் ஒரு மாசம். இதுவும் பால்தான், அக்கா," என்றான் ஜெயரூபன்.

கேதீஸ்வரி விடியலிலேயே எழும்பி, சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். இல்ல டொக்டர், திகதி திகதிதான். கண்ணாடிக்கு முன்னால் சொல்லும்போது நன்றாகத்தான் வந்தது. அந்தப் பிள்ளையும் பாவம்தானே, ஒரு நோயாளியும் இல்லாமல் எங்கிருந்து கட்டுவாள் என்று ஒரு மனம் இழுத்தது. இழுத்தாலும் இல்லை என்றுதான் சொல்வேன் என்று ஷட்டருக்கு முன்னால் போய் நின்றாள்.

ஸுஹைனா உள்ளே, சீமெந்துத் தூசிக்கு நடுவே நின்றிருந்தார். கேதீஸ்வரி வாய் திறக்குமுன்னே கைப்பையிலிருந்து ஒரு கடிதவுறையை எடுத்து நீட்டினார்.

"முதல் மாச வாடகை, அக்கா. செக்."

கேதீஸ்வரி தடுப்புச் சுவருக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தாள். "கதிரை வரல்லயே?"

"அது என்ட பாடு. மீற்றருக்கு நீங்க கேக்காமலே நாள் எழுதித் தந்தீங்க. என்ட நாள் எது எண்டு எனக்கும் தெரியும்." பிறகு சிரித்தார். "மூண்டு வருஷத்துக்குள்ள போறதுக்கு நான் இந்தத் தரையை வெட்டல்ல."

கேதீஸ்வரி செக்கை வாங்கிக்கொண்டாள். அழுகை வந்ததை மறைக்கவும் இல்லை.

அங்கிருந்து நேராக ஏஜென்சிக்குப் போனாள். பாஸ்போட்டைத் திருப்பித் தரச் சொல்லி மேசைக்கு முன்னால் நின்றாள். ஏஜென்சிக்காரர் முணுமுணுத்துக்கொண்டு மேசை லாச்சியை இழுத்துத் திறந்தார்.

"மடத்துக்கிட்ட நான் என்னண்டு சொல்ல? எப்ப வருவீங்க?"

கேதீஸ்வரி பாஸ்போட்டைப் பைக்குள் போட்டு, சிப்பை இழுத்து மூடினாள்.

"இரண்டாயிரத்து முப்பத்தொண்டு, யூன் பதினெட்டுக்குப் பிறகு கேக்கச் சொல்லுங்க."