மாவேலி ஏறிய ஏற்றம்

அஜிதாவுக்கு உட்கார வராது. நாகர்கோவில் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்த மூன்று வருடமும் கடைசி பெஞ்சின் ஓரத்தில் நின்றுகொண்டே குறிப்பெடுத்தவள். யுபிஎஸ் கம்பெனியில் எட்டு வருட வேலையையும் "நாற்காலியில் இருந்து பதில் சொல்லு" என்ற ஒரு மேலாளரால்தான் விட்டாள். இப்போது எல்லை தாண்டி மலையாளத் தலைநகரில், பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் பின்சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஆறடி அகலத்தில் அவள் கடை. முதலில் மடிக்கணினி பேட்டரி. பிறகு வளைகுடாவிலிருந்து வரும் அப்பாக்கள் பிள்ளைகளுக்கு வாங்கி வந்த, ஏறி நின்றால் ஓடும் இரட்டைச் சக்கர ஹோவர்போர்டுகள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கியதும், நகரத்தில் அதைத் திறந்து பார்க்கத் துணிந்த ஒருத்தி என்று பேர் பரவிவிட்டது. கடையில் நாற்காலி உண்டு. அதில் சாமான்தான் இருக்கும்.

சரிபார்த்த பொருளின் அடியில் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டி, சிவப்பு மையில் 'ஓடும்' என்று எழுதித் தேதி போடுவது அவள் வழக்கம். அந்தத் துண்டு இருந்தால் வாங்கிக்கொள்பவர் மறுகேள்வி கேட்பதில்லை.

ஓண வாரத்தில் ஒரு நாள் காலை ஒன்பதரைக்கு, அந்தத் துண்டு ஒட்டிய ஹோவர்போர்டு ஒன்று திரும்பி வந்தது. தூக்கி வந்தவன் சுதீஷ். தொண்ணூற்றாறு கிலோ. இடது முழங்கையில் கட்டு, மூக்கில் பிளாஸ்திரி. கூடவே, விழா ஏற்பாடு செய்யும் மஹேஷ். ஸ்ரீவராகத்துக்காரர், நெற்றியில் சந்தனம், காதில் எப்போதும் போன்.

"என்னலே சுதீஷ், மூக்குல என்ன?" என்றாள்.

"மாவேலி கவிழ்ந்நு சேச்சி," என்றான் அவன். "மூணடி முன்னால போயி ரோட்டை முத்தமிட்டாச்சு."

விஷயம் இதுதான். வியாபாரிகள் சங்கத்தின் ஓண ஊர்வலம் அன்று மாலை நான்கு மணிக்குப் பட்டம் சந்திப்பில் தொடங்கி, பிளாமூடு வந்து, பி.எம்.ஜி. ஏற்றம் ஏறி முடிகிறது. அதில் மாவேலி, அதாவது மகாபலி மன்னர், ஓலைக்குடை பிடித்து, வேட்டி தரையைத் தொட, கால் அசையாமல் மிதந்து வருவார். வேட்டிக்கு அடியில் ஹோவர்போர்டு. மஹேஷின் யோசனை. சங்கம் கைதட்டி ஒத்துக்கொண்டது. நேற்று ஒத்திகையில் அந்த ஏற்றத்தின் பாதியில் வண்டி செத்து, மாவேலி வேடக்காரன் சுதீஷ் முகம் குப்புற விழுந்தான்.

"பதினஞ்சு நாள் முன்னாடி நீங்கதானே 'ஓடும்'னு ஒட்டிக் கொடுத்தேள்?" என்றார் மஹேஷ். "நேக்கு நாலு மணிக்கு மாவேலி வேணும் மேடம். மிதக்கணும்."

அஜிதா போர்டைக் கவிழ்த்தாள். அவள் கையெழுத்துதான். அன்று எப்படிச் சோதித்தாள்? கடை இருக்கும் கோட்டைப் பக்கம் எல்லாம் சமதரை. கடை வாசல் டைல்ஸில் தானே ஏறி நான்கு சுற்று சுற்றினாள். அவள் எடை ஐம்பத்திரண்டு. மாவேலிக்குத் தொப்பை வேண்டும் என்பதால் ஊரிலேயே கனத்த ஆளைத் தேடிப் பிடிப்பார்கள் என்று அவளுக்கு எங்கே தெரியும்! கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"எப்படி விழுந்த, ஒண்ணும் விடாம சொல்லு," என்று திருப்புளியை எடுத்தபடி நடக்க ஆரம்பித்தாள்.

"ரெண்டு தடவை சேச்சி. முதல்ல கீழ, வேகத்தடையில. ஒரு குலுக்கல், ஒரு வெட்டு, உடனே சரியாயி. பின்ன ஏத்தத்துல. பீப் பீப்னு மூணு தடவை. அப்புறம் ஒண்ணுமில்லா. மரக்கட்டை. அஞ்சு நிமிஷம் கழிச்சு ஸ்விட்ச் போட்டா, ஒண்ணும் நடக்காத போல எழும்பி நிக்குது. சார்ஜ் நாலு கோட்டுல மூணு காட்டுது."

மூடியைக் கழற்றியதும் முதல் குற்றவாளி கண்ணில் பட்டது. பேட்டரியையும் மின்சுற்றுப் பலகையையும் சேர்க்கும் மஞ்சள் பிளக்கின் ஓரம் பழுப்பேறி இளகியிருந்தது. இழுத்தால் எதிர்ப்பில்லாமல் வந்தது.

"பாத்தேளா!" என்றார் மஹேஷ். "அதுதான். மாத்திடுங்கோ, கிளம்பறோம்."

இளகிய பிளக் என்றால் உள்ளே பிடிப்பில்லை. பிடிப்பில்லாத இடத்தில் மின்சாரம் சூடாகக் கடக்கும். சூடு பிளாஸ்டிக்கைத் தின்னும், பிடிப்பு இன்னும் போகும். வேகத்தடை குலுக்கலுக்கு அதுவே காரணம். அஜிதா புது பிளக் வைத்து ஈயம் பற்றவைத்தாள். இருபது நிமிடம். சக்கரத்தை மேலே தூக்கிச் சுற்றவிட்டாள். மின்னழுத்தம் முப்பத்தேழு, ஆடாமல் நின்றது. மஹேஷ் போனில் யாரிடமோ "சரியாயிடுத்து" என்று சொல்லியும் விட்டார்.

அவள் வெள்ளைத் துண்டை எடுத்தாள். சிவப்புப் பேனாவைத் திறந்தாள். மூடினாள். வாசலுக்குப் போனாள். திரும்பி வந்தாள்.

"இல்ல சார். பிளக் லூசுன்னா குலுங்குனாத்தான் வெட்டும். ஏத்தத்துல குலுக்கல் எங்க இருக்கு? அஞ்சு நிமிஷம் ஆறுனதும் எழும்புச்சுன்னானே, பிளக்குக்கு அப்படி ஆறத் தெரியாது. ஆறுறது பேட்டரியாக்கும்."

"மீட்டர் முப்பத்தேழு காட்டறதே?"

"சும்மா நிக்கும்போ எல்லாவனும் பயில்வான்தான் சார். மூட்டையைத் தூக்கச் சொல்லணும்."

பேட்டரிப் பொதிக்குள் இருபது செல். இரண்டிரண்டாகச் சேர்த்துப் பத்துக் குழு, பத்தும் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி. அவள் பத்துக் குழுவின் மெல்லிய கம்பிகளிலிருந்தும் நீளமாக ஒயர் இழுத்து, ஒவ்வொரு குழுவையும் தனியே காட்டும் சின்ன மீட்டரில் சேர்த்து வெளியே தொங்கவிட்டாள். ஒன்பது குழு மூன்று புள்ளி ஏழு. ஏழாவது மட்டும் மூன்று புள்ளி ஆறு. கொஞ்சம்தான் குறைவு. ஆனால் அவள் கால் நிற்கவில்லை.

"வண்டி எடுங்க சார். ஏத்தத்துக்குப் போவோம்."

"மணி பன்னெண்டாறது! மேக்கப்புக்கே ரெண்டு மணி நேரம் வேணும்."

"அப்ப சட்டுனு எடுங்க."

பி.எம்.ஜி. ஏற்றத்தை ஒட்டி, அதே சரிவில் ஏறும் ஒரு சந்து உண்டு. ஆள் நடமாட்டம் இல்லை. சுதீஷுக்குத் தன் தலைக்கவசத்தை மாட்டினாள். அது உச்சந்தலையில் தேங்காய்ச் சிரட்டைபோல உட்கார்ந்தது. அவன் வலது கையைப் பற்றிக்கொண்டு, மறு கையில் மீட்டரோடு பக்கத்தில் நடந்தாள்.

"நான் 'இறங்கு'ன்னா யோசிக்காம இறங்கணும்."

"சேச்சி, என்னைப் பிடிக்க உங்களால ஆகுமோ?"

"ஆகாது. அதனாலதான் சொல்லுகேன்."

சமதரையில் பத்துக் குழுவும் ஒழுங்காக இருந்தன. சரிவு தொடங்கியது. மோட்டார் முனகியது. ஒன்பது குழு மூன்று புள்ளி நாலுக்கு இறங்கி நின்றன. ஏழாவது நிற்கவில்லை. மூன்று புள்ளி ஒன்று. மூன்று. போர்டு பீப் என்றது. இரண்டு புள்ளி ஒன்பது.

"இறங்குலே!"

சுதீஷ் ஒரு கணம் யோசித்தான். அந்த ஒரு கணம் போதும். இன்னும் இரண்டு பீப், பிறகு மௌனம். போர்டு முன்பக்கம் மடிந்தது. அவன் அவள் தோளில் சரிய, இருவரும் ஒரு மதில் சுவரில் போய் மோதி நின்றார்கள். அவள் தோள்பட்டை எரிந்தது. மீட்டர் கையிலேயே இருந்தது. ஏழாவது குழு மெல்ல ஏறியது: இரண்டு புள்ளி எட்டு, மூன்று, மூன்று புள்ளி நாலு, ஐந்து. ஒன்றும் நடக்காதது போல.

"கண்டியளா?" அவளுக்கு மூச்சு வாங்கியது. சரிவில் மேலும் கீழும் நடந்தபடியே பேசினாள். "போர்டு மொத்தக் கணக்கைத்தான் பாக்கும். ஒன்பது பேரு நல்லா இழுக்கும்போ ஒருத்தன் சாவுறது அதுக்குத் தெரியாது. அதான் மூணு கோடு காட்டுது. ஏத்தத்துல மொத்தமே தாழும்போது பீப் அடிக்கும். ஆனா பேட்டரிக்குள்ள ஒரு காவல் பலகை இருக்கு. அது ஒவ்வொருத்தனையும் தனியா பாக்கும். ஒருத்தன் எல்லைக்குக் கீழ போனா, பேட்டரியைக் காப்பாத்த மொத்தத்தையும் வெட்டிரும். அது பீப் அடிக்காது. மேல நிக்குறவன் யாரு, எவருன்னும் பாக்காது."

"ஒத்துக்கறேன்," என்றார் மஹேஷ். "அந்த ரெண்டு செல்லை மட்டும் மாத்துங்கோ. ரெண்டு மணி நேரம் இருக்கே."

"கிழட்டு மாட்டுக்கூட இளங்காளையைக் கட்டுனா ஏர் ஓடுமா? மத்த பதினெட்டும் அதே வயசு, ஏத்தத்துல அடுத்து எது சாகும்னு யாருக்குத் தெரியும்? மொத்தப் பொதியும் மாத்தணும். எங்கிட்ட இல்ல. எர்ணாகுளத்துல இருந்து வரணும்."

"அப்போ பீப் கேட்டதும் இறங்கிக்கட்டும். அவ்வளவுதானே? மூணு பீப் வரதோல்லியோ!"

அஜிதா பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்தினாள். தூரத்தில் பிளாமூட்டுப் பக்கம் யாரோ செண்டை மேளத்தை இறுக்கித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சுதீஷ், உனக்குப் பின்னால செண்டை எத்தனை?"

"இருபத்தொண்ணு."

"எவ்வளவு தூரத்துல?"

"முன்னாலதான் செண்டை சேச்சி. அஞ்சடி. பின்னால லாரி. வாமனன் சீன் வச்ச லாரி. பத்தடி."

மஹேஷின் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. மூவரும் ஏற்றத்தைப் பார்த்தார்கள். இருபத்தொரு செண்டைக்கு நடுவில் மூன்று பீப் யார் காதில் விழும்? குப்புற விழும் தொண்ணூற்றாறு கிலோ. பத்தடி பின்னால் கியர் மாற்றி ஏறிவரும் லாரி.

"சங்கத்துக்காராகிட்ட நான் என்ன சொல்றது?" மஹேஷின் குரல் இறங்கியிருந்தது. "மிதக்கற மாவேலின்னு நோட்டீஸ் அடிச்சாச்சே."

"நான் ஒட்டுனது தப்புன்னு சொல்லுங்க. எம் பேரைச் சொல்லியே சொல்லுங்க." அவள் குனிந்து, போர்டின் அடியில் இருந்த பழைய 'ஓடும்' துண்டை நகத்தால் சுரண்டினாள். பசை வைத்து ஒட்டியது, எளிதில் வரவில்லை. பாதி கிழிந்து 'ஓ' மட்டும் மிஞ்சியது. அதையும் சுரண்டினாள். பிறகு மஞ்சள் பிளக்கைப் பிரித்து, பேட்டரியை உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "இது எங்கிட்ட இருக்கும். இல்லன்னா மூணரைக்கு யாராவது ஒருத்தர் 'ஒரு தடவைதானே'ம்பீய."

மஹேஷ் முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. "சொல்லியிருப்பேன்," என்றார்.

நான்கு மணிக்கு அஜிதா கடையில் இருந்திருக்க வேண்டும். ஆனால் பிளாமூட்டில் நடைபாதைக் கூட்டத்தில் ஒரு காலும் மறு காலுமாக மாறி மாறி நின்றாள். மாவேலி வந்தார். கிரீடம், பூணூல், ஓலைக்குடை, மூக்கில் பிளாஸ்திரிக்கு மேல் பூசிய சந்தனம். வேட்டியை முழங்கால் வரை மடித்துக் கட்டி, மெதியடி மரச்செருப்பு சத்தமிட நடந்து வந்தார். "மிதக்கும்னாங்களே?" என்று யாரோ மலையாளத்தில் கேட்டார்கள். ஒரு பெண்குழந்தை நடந்து வரும் ராஜாவின் கையைப் பிடிக்க ஓடியது. நேற்றைய திட்டத்தில் யாரும் அவரை நெருங்கவே முடியாது.

ஏற்றம் தொடங்கியது. அஜிதா நடைபாதையோடு கூடவே ஏறினாள். சந்தில் போர்டு மடிந்த அதே உயரம் வந்தபோது, மாவேலி சட்டென்று நின்றார். பின்னால் லாரி கிரீச்சென்று பிரேக் போட்டது.

சுதீஷ் குடையை ஊன்றிக்கொண்டு இடுப்பில் கைவைத்து இளைத்தான். கூட்டத்தில் அவளைக் கண்டுபிடித்தான். செண்டைக்கு மேல் கேட்கும்படி கத்தினான்:

"சேச்சி, மூணு பீப் அடிச்சாச்சு! இனி அஞ்சு நிமிஷம் ஆறணும்!"

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்தபடியே ரோட்டில் இறங்கினாள். தோளில் தொங்கிய பையில் பேட்டரி இடுப்பில் இடித்தது. ஏழாவது குழு, நாளைக் காலை அதைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும்.